சீன மொழியின் zh, ch, sh: கொழிஞ்சாம்பாறைத் தமிழ் நாக்கு எங்கே இடறுகிறது, எப்படிச் சரிசெய்வது

மாண்டரின் சீனம் கற்கத் தொடங்குகிறவர்களை முதலில் மிரட்டுபவை zh, ch, sh, r என்று எழுதப்படும் நான்கு மெய்யொலிகள். நாக்கின் நுனியை மேலே தூக்கிப் பின்னுக்கு இழுத்து ஒலிக்க வேண்டியவை அவை. இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்காகச் செய்யப்பட்டவை என்பதால், இவற்றை ஒரு மலை ஏறுவதைப் போலக் காட்டுகின்றன. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழருக்கு (ஆந்திரச் சித்தூரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்) அந்த மலையில் பாதி தூரத்தைப் பிறப்பே ஏற்றிவிட்டிருக்கிறது. ட, ண, ள, ழ என்று நாள் முழுவதும் நாக்கை மடக்கிக்கொண்டே இருக்கும் வாய் இது. போதாததற்குப் பள்ளியிலும் பஸ்ஸிலும் மலையாளம்.

ஆனாலும் பிழைகள் வருகின்றன. என் வகுப்புக்கு வருகிறவர்களிடம் நான் கேட்கும் பிழைகள், பாடப்புத்தகங்கள் எச்சரிக்கும் பிழைகள் அல்ல. நாக்கு எங்கே போக வேண்டும் என்பது இவர்களுக்குத் தெரியும். மூச்சும், அடுத்து வரும் உயிரொலியும், தமிழ் எழுத்துப் பழக்கமும்தான் காலை வாருகின்றன. எனவே கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் பிழை எதுவோ அதற்குப் போங்கள்.

முதலில் ஒரு சோதனை. கைப்பேசியில் இந்த வாக்கியத்தைப் பதிவு செய்யுங்கள்:

```
Zhè shì chēzhàn.
```

“இது நிலையம்” என்று பொருள். பஸ் நிலையமாகவும் இருக்கலாம், ரயில் நிலையமாகவும் இருக்கலாம். நான்கே அசைகள்தான், ஆனால் நமக்கு வரக்கூடிய பிழைகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் முதல் நாள் இதை “ழே ஷீ சேஜான்” என்று படித்தான். அதில் நான்கு பிழைகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் வந்தது.

அறிகுறி: zh வரும் இடமெல்லாம் ழ என்று ஒலிக்கிறது

இது நாக்கின் குற்றமே அல்ல, கண்ணின் குற்றம். Kozhinjampara, Alappuzha, Kozhikode என்று ஆங்கில எழுத்தில் ஊர்ப்பெயர்களைப் படித்து வளர்ந்தவருக்கு zh என்றால் ழ. சீனத்தை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறை 1958இல் சீனாவில் அதிகாரபூர்வமாக வந்தது. அதை வகுத்தவர்கள் நம் ழகரத்தை நினைத்து அந்த எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கவில்லை. பின்யினில் zh என்பது ட் என்று அடைத்து, அதே இடத்தில் ஷ் என்று விடுகிற ஒலி. இரண்டும் ஒட்டிப் பிறக்க வேண்டும். தமிழ் எழுத்தில் தோராயமாக “ட்ஷ்” என்று குறிக்கலாம்.

சந்தேகம் வந்தால் ஒலியை நீட்டிப் பாருங்கள். ழ் என்று மூச்சு உள்ளவரை நீட்டலாம். zh-ஐ அப்படி நீட்ட முடியாது, ஏனென்றால் அதன் தொடக்கத்தில் காற்று முழுதாக அடைபடுகிறது. நீட்ட முடிகிறது என்றால் நீங்கள் ழகரத்தைத்தான் சொல்கிறீர்கள். குறிப்பேட்டில் zh வரும் இடமெல்லாம் சில வாரங்களுக்கு மேலே சிறிதாக “ட்ஷ்” என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பழக்கம் மாறியதும் அழித்துவிடலாம். ழகரத்துக்கும் சீனத்தில் ஓர் இடம் உண்டு. அது r. அதைக் கடைசியில் பார்ப்போம்.

அறிகுறி: ஒலி சரிதான், ஆனால் “ரொம்பக் கனமாக இருக்கிறது” என்கிறார் ஆசிரியர்

நாக்கை அளவுக்கு மீறி மடக்குகிறீர்கள். இணையப் பாடம் “நாக்கை நன்றாகச் சுருட்டு” என்கிறது. நாக்கைச் சுருட்டத் தெரியாதவருக்குச் சொன்ன அறிவுரை அது. ஏற்கெனவே சுருட்டத் தெரிந்தவர் அதைக் கேட்டு இன்னும் சுருட்டினால் சீனத்தைத் தாண்டிப் போய்விடுவார்.

நம் ட, ண இரண்டிலும் நாக்கு பின்னே மடிந்து, நுனியின் அடிப்பக்கம் அண்ணத்தைத் தொடுகிறது. சீன zh, sh அப்படி அல்ல. 1984இல் ஒலியியலாளர் பீட்டர் லடிஃபோகெடும் வூ ஸொங்ஜியும் பெய்ஜிங்காரர்களின் இந்த ஒலிகளை எக்ஸ்ரே படங்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, நாக்கு தென்னிந்திய மொழிகளில் மடிவதைப் போல மடியவில்லை என்று காட்டினார்கள். நாக்கின் முன்பகுதி ஏறக்குறைய தட்டையாகவே இருந்து, பல்லின் பின்னுள்ள மேட்டுக்குச் சற்றுப் பின்னால் உயர்கிறது. ஆக, நமக்குத் தெரிந்த ஒலியும் சீன ஒலியும் பக்கத்து வீட்டுக்காரர்கள், ஒரே வீட்டார் அல்லர்.

இடத்தைக் கண்டுபிடிக்கத் தமிழே உதவும். “ஆனை” என்று சொல்லி, னகரத்தில் நாக்கை நிறுத்துங்கள். நுனி பல்லின் பின்னுள்ள மேட்டில் இருக்கும். அங்கிருந்து எடுக்காமல் மெதுவாகப் பின்னுக்கு இழுத்து “ஆண்” என்பதன் ணகரத்துக்குப் போங்கள். நுனி மேட்டைத் தாண்டிச் சரிவில் ஏறி, பிறகு புரண்டு அடிப்பக்கம் படும். புரள்வதற்கு முன்னால், மேட்டின் பின்விளிம்பைத் தாண்டியதும் ஓர் இடம் வருகிறது. அதுதான் zh, ch, sh மூன்றுக்கும் உரிய இடம். ன, ண இரண்டுக்கும் நடுவே என்று நினைவில் வைத்தால் போதும்.

சரியான இடத்தில் இருக்கிறீர்களா என்பதற்கு ஒரு சோதனை உண்டு. ஷ்ஷ்ஷ் என்று நீட்டுங்கள். நாக்கை அசைக்காமல் மூச்சை வெளியே விடுவதை நிறுத்தி, அதே இடுக்கு வழியாக வேகமாக உள்ளே இழுங்கள். காற்று பட்ட இடம் குளிரும். நாக்கின் மேல்முகத்தில் நுனியை ஒட்டிக் குளிர்ந்தால் சரி. நாக்கின் அடியில் குளிர்ந்தால் மடக்கு அதிகம். பல்லின் பின்புறம் குளிர்ந்தால் நாக்கு முன்னே வந்துவிட்டது, அது sh ஆகாது, s ஆகிவிடும். ஒரு நாளைக்கு இதை நாலைந்து முறை செய்தாலே போதும். அதற்கு மேல் செய்தால் தலை சுற்றும்.

அறிகுறி: ch சொன்னால் zh என்று கேட்கிறது

இங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது. என்னைக் கேட்டால், பயிற்சி நேரத்தில் பாதியை இந்த ஓர் அறிகுறிக்கே ஒதுக்க வேண்டும் என்பேன்.

zh, ch இரண்டிலும் நாக்கு செய்யும் வேலை ஒன்றுதான். இரண்டிலும் தொண்டை அதிராது. வேறுபாடு, அடைப்பை விட்டபின் வெளியே பாயும் மூச்சில் மட்டும் இருக்கிறது. zh-இல் மூச்சு பாயாமல் உடனே உயிரொலி வந்துவிடும். ch-இல் ஒரு கணம் வெறும் மூச்சு ஓடி, பிறகுதான் உயிரொலி. தமிழில் இந்த வேறுபாட்டுக்கு எழுத்தும் கிடையாது, பழக்கமும் கிடையாது. மலையாளத்தில் எழுத்து உண்டு. ஆனால் சந்தைப் பேச்சில் அந்த மூச்சைப் பலரும் விட்டுவிடுகிறார்கள் என்பதால், மலையாளம் தெரிந்தவர்கள் இதில் நம்மைவிடப் பெரிதாக முந்தி நிற்பதாக எனக்குத் தெரியவில்லை.

மூச்சு இல்லாததால் கற்பவர் என்ன செய்கிறார்? ch-ஐச் சாதாரணமாகவும் zh-ஐ ஜகரம் போல அதிரும் ஒலியாகவும் சொல்லி வேறுபடுத்திவிட்டதாக நினைக்கிறார். அவர் காதுக்கு வேறுபாடு தெளிவாக இருக்கிறது. ஆனால் சீனர் அதிர்வைக் கவனிப்பதில்லை, மூச்சைத்தான் தேடுகிறார். அவருக்கு இரண்டுமே zh. chá என்றால் தேநீர், zhá என்றால் எண்ணெயில் பொரிப்பது. குரல் ஏறி இறங்கும் விதமான சுரமும் இரண்டுக்கும் ஒன்றே. உணவகத்தில் நீங்கள் தேநீரைக் கேட்க, “எதைப் பொரிக்க?” என்று எதிரில் இருப்பவர் விழிப்பார்.

இந்தப் பிழை உங்களிடம் இருக்கிறதா என்று அறிய இரண்டையும் கிசுகிசுத்துப் பாருங்கள். கிசுகிசுப்பில் தொண்டை அதிராது. எனவே நீங்கள் அதிர்வை மட்டும் நம்பியிருந்தால் chá, zhá இரண்டும் ஒன்றாகிவிடும். பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று சொல்ல முடியவில்லை என்றால் பிழை உறுதி.

திருத்தும் வழி இது. பஸ் டிக்கெட்டைப் போன்ற மெல்லிய தாளை உதட்டுக்கு இரண்டு விரற்கடை முன்னால் தொங்கவிடுங்கள். zhá என்னும்போது தாள் அசையக் கூடாது, அல்லது மிகச் சிறிதே அசையலாம். chá என்னும்போது பட்டென்று விலக வேண்டும். மூச்சை வரவழைக்க “ட்ஷ்ஷ்ஷ்” என்று ஷகரத்தை வேண்டுமென்றே நீட்டி, அந்த உரசல் ஓய்ந்து வெறும் மூச்சாக மாறும் நேரத்தில் ஆகாரத்தைத் திறவுங்கள். பின்னர் நீளத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். தாள் அசைகிறவரை குறைக்கலாம், அசைவு நின்றால் அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள். இடையில் ஒரு ஹகரத்தைத் தனி அசையாகச் சேர்த்து “சஹா” என்று சொல்கிறவர்கள் உண்டு. அது வேண்டாம். அசை ஒன்றுதான் இருக்க வேண்டும்.

ஆகாரத்தில் கைவந்த பிறகு chū, zhū இணைக்குப் போங்கள். முன்னது வெளியேறுவது, பின்னது பன்றி. உகரத்தில் உதடு குவிவதால் மூச்சு தானாகவே குறுகும், அதனால் இது கடினம். இதுவும் வந்துவிட்டால் chēzhàn-க்குத் திரும்பலாம். முதல் அசையில் தாள் விலக வேண்டும், இரண்டாவதில் நிற்க வேண்டும். முதல் அசையிலுள்ள e நம் ஏகாரம் அன்று என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓகாரத்துக்கு நாக்கை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் குவிக்காமல் விட்டால் வரும் ஒலி அது.

அறிகுறி: தனியாகச் சொன்னால் zh சரி, சொல்லின் நடுவில் ஜகரமாகிவிடுகிறது

chēzhàn என்பது “சேஜான்” ஆவதும், Guǎngzhōu என்ற ஊர்ப்பெயர் “குவாங்ஜோ” ஆவதும் இதனால்தான். தமிழில் வல்லினம் சொல்லின் தொடக்கத்தில் வன்மையாகவும், இரண்டு உயிர்களுக்கு நடுவிலும் மெல்லினத்துக்குப் பின்னும் மென்மையாகவும் ஒலிக்கும். “காடு” என்பதில் வரும் டகரமும் “காட்டு” என்பதில் வரும் டகரமும் ஒன்றா? எழுத்து ஒன்று, ஒலி வேறு. நாம் அறியாமலேயே அந்த விதியைச் சீனத்துக்கும் கொண்டுபோகிறோம்.

மருந்தும் அந்த விதியிலேயே இருக்கிறது. இரட்டித்தால் தமிழில் வல்லினம் மென்மையாகாது. எனவே சொல்லின் நடுவில் வரும் zh-ஐ “காட்டு” என்பதன் ட்ட் போல நினைத்துக்கொண்டு சொல்லுங்கள்: சோ-ட்ட்ஷான். கொஞ்சம் அதிகமாக அழுத்தினாலும் கேட்பவருக்குப் பிழையாகப் படாது. மெல்லினத்துக்குப் பின் வருவதற்குத் தமிழ்ச் சொற்களில் முன்மாதிரி இல்லை. ஆனால் “சென்ட்ரல்” என்ற இரவல் சொல்லில் ன்-க்குப் பின் டகரத்தை வன்மையாகத்தான் சொல்கிறோம். Guǎngzhōu சொல்லும்போது அந்தச் “சென்ட்ரலை” நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

இந்தப் பிழையை முந்தையதைப் போல் அவசரமாகத் திருத்த வேண்டியதில்லை. zh கொஞ்சம் அதிர்ந்தாலும் சீனருக்கு அது zh ஆகவே கேட்கும். ch மூச்சில்லாமல் போனால்தான் சொல்லே மாறிவிடும்.

அறிகுறி: shì என்பது “ஷீ” என்று வருகிறது

பின்யினின் மிகப் பெரிய ஏமாற்று வேலை இந்த i. zh, ch, sh, r நான்கின் பின்னும் அது இகரமே அல்ல. மெய்யொலிக்கு வைத்த நாக்கை அப்படியே வைத்துக்கொண்டு தொண்டையை மட்டும் அதிரவிட்டால் வருவது எதுவோ, அதுவே அங்கே உயிர். ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு இதை விளக்கப் பாடநூல்கள் பாடுபடுகின்றன. நமக்கு ஒரு வரி போதும்: ஷ் சொல்லி, நாக்கை நகர்த்தாமல் ழ் என்று நீட்டுங்கள். “ஷ்ழ்ழ்”. அவ்வளவுதான் shì. நான்காம் சுரம் என்பதால் குரலை மேலிருந்து கீழே வெட்டிப் போடுங்கள். zhī என்பது “ட்ஷ்ழ்”, chī என்பது அதையே மூச்சோடு, rì என்பது வெறும் “ழ்ழ்”.

ஈகாரம் வந்துவிட்டால் சீனருக்கு அது xì என்று கேட்கும், ஏனென்றால் உண்மையான இகரம் அவர்கள் மொழியில் sh-ஐ அடுத்து வருவதே இல்லை, x-ஐ அடுத்துத்தான் வரும். shī என்றால் ஈரம், xī என்றால் மேற்கு. கண்ணாடியில் உதட்டைப் பாருங்கள். உதடு இரு பக்கமும் இழுபட்டுச் சிரிப்பது போலிருந்தால் ஈகாரம் நுழைந்துவிட்டது.

அறிகுறி: sh, x, s மூன்றும் கலந்து போகின்றன

கிழக்கே பொள்ளாச்சியில் இருந்து வருகிற மாணவருக்கு இது சிரமம். கொழிஞ்சாம்பாறையில் படித்தவருக்கு இது கிட்டத்தட்ட இலவசம். மலையாளத்தில் மூன்று எழுத்துகளுக்கும் தனித்தனி ஒலி உண்டு. “மாஷே” என்று ஆசிரியரை அழைக்கும்போது வருகிற ஷ, சீன sh-க்கு மிக நெருக்கம். சனிக்கிழமையை மலையாளத்தில் சொல்லும்போது தொடக்கத்தில் வருகிற ஶ, x-க்கு அடுத்த வாசல். “சரஸ்வதி” என்பதை மலையாளிகள் சொல்லும்போது தொடக்கத்தில் வரும் ஸ, s.

இதில் x மட்டும் கொஞ்சம் கவனம் கேட்கும். நாக்கின் நுனி கீழ்ப்பல்லின் பின்னால் இறங்கியிருக்க வேண்டும், நடுநாக்கு மேலே எழ வேண்டும். காதால் சோதிக்க ஸ்ஸ்ஸ் என்று தொடங்கி, நாக்கை மெல்லப் பின்னே இழுத்து ஷ்ஷ்ஷ் வரை போங்கள். சீறலின் சுருதி இறங்கிக்கொண்டே வரும். sh-இல் அது மிகத் தாழ்ந்திருக்கும். பிறகு shǎo, xiǎo என்ற இணையை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். முன்னது குறைவு, பின்னது சிறியது.

அறிகுறி: r ரகரமாகவோ ளகரமாகவோ வருகிறது

ழகரம் நம்மிடம் இருக்கும்போது இது ஏன் நேர வேண்டும்? தமிழில் எந்தச் சொல்லும் ழகரத்தில் தொடங்காது. ட, ண, ள ஆகியவற்றுக்கும் தமிழ் இலக்கணம் சொல்லின் முதலில் இடம் தரவில்லை. சீனத்திலோ zh, ch, sh, r நான்கும் அசையின் முதலில் வருகின்றன. நாக்குக்கு ஒலி தெரியும், அந்த இடத்தில் இருந்து தொடங்கித்தான் பழக்கமில்லை. அதனால் ரோமன் எழுத்தைப் பார்த்ததும் எளிதான ரகரத்துக்குத் தாவிவிடுகிறது.

முன்னால் ஓர் உயிரை வைத்து ஏமாற்றலாம். “வாழ்” என்று சொல்லி அதோடு “என்” சேர்த்து “வாழென்” என்று சொல்லுங்கள். பிறகு “வா”வை மனத்துக்குள் சொல்லி “ழென்” என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லுங்கள். rén, அதாவது மனிதர். கொஞ்ச நாளில் அந்த மௌன “வா” தேவைப்படாது. zh-க்கும் இதே தந்திரம் செல்லும்.

ழகரத்தை ளகரமாகச் சொல்லும் வழக்கம் வீட்டில் இருந்தால் இன்னொரு சிக்கல் வரும். rè என்றால் வெப்பம், lè என்றால் மகிழ்ச்சி. மேடம் மாதத்து வெயிலில் நின்று “மகிழ்ச்சியாக இருக்கிறது” என்று சொல்லிவிடுவீர்கள். மழை, புழை என்று மலையாளம் ழகரத்தை இன்றும் தெளிவாகச் சொல்கிறது. சித்தூர்ப் பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மழையைப் பற்றிப் பேசும்போது காதைக் கொடுங்கள். நாக்கு எதையும் தொடாமல் நிற்பதே குறி. எங்காவது தொட்டால் அது ள.

அறிகுறி: எல்லாம் சரியாகச் சொல்கிறேன், ஆனால் நான் கேட்கும் சீனர்கள் இப்படிப் பேசவில்லை

இது பிழையே அல்ல. தைவானிலும் தென்சீனாவிலும் பலர் அன்றாடப் பேச்சில் zh, ch, sh மூன்றையும் z, c, s பக்கமாக நகர்த்திவிடுகிறார்கள். அவர்கள் வாயில் பத்தும் (shí) நான்கும் (sì) ஏறக்குறைய சுரத்தால்தான் வேறுபடும். “சீனர்களே சொல்வதில்லை, நான் ஏன் சொல்ல வேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. தேர்வுகளின் ஒலிப்பதிவுகளும் செய்தி வாசிப்பும், இவற்றைப் பிரித்துச் சொல்லும் தரப்படுத்திய சீனமான பொதுமொழி வழக்கையே பின்பற்றுகின்றன. நமக்கோ இந்த நாக்கு கையில் இருக்கிற சொத்து. கேட்கும்போது இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள், பேசும்போது பொதுமொழியில் பேசுங்கள். பிரித்துக் கேட்கவும் சொல்லவும் பழக, சீனக் குழந்தைகளே சொல்லிப் பார்க்கிற நாபிறழ் வரி ஒன்று இருக்கிறது:

```
Sì shì sì, shí shì shí,
shísì shì shísì, sìshí shì sìshí.
```

நான்கு நான்குதான், பத்து பத்துதான், பதினான்கு பதினான்குதான், நாற்பது நாற்பதுதான் என்று சொல்கிறது. வேகமாகச் சொல்ல வேண்டாம். sì-இல் நாக்கு பல்லின் பின்னால், shì-இல் மேட்டுக்குப் பின்னால் என்று ஒவ்வோர் அசைக்கும் இடம் மாறுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். இரண்டாம் வரியில் shísì, sìshí இடம் மாறும்போதுதான் நாக்கு பெரும்பாலும் தவறும். தவறினால் முதலிலிருந்து தொடங்காமல் அந்த இரண்டு சொற்களை மட்டும் தனியே எடுத்துப் பழகுங்கள்.